'வாழ்நாள் இலவசம்' என்று தந்த கார்டுக்கு ஆண்டுக் கட்டணமா? கடிதம் எழுதச் சில குறிப்புகள்

சேத்தியாத்தோப்பு கூட்டு ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைப் பார்த்தால் பாதிப் பேர் பர்சில் ஒரு கிரெடிட் கார்டாவது இருக்கும். நெய்வேலிக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குச் சம்பளக் கணக்கோடு வந்தது, சிதம்பரத்தில் துணிக்கடை வாசலில் மேஜை போட்டுக் கொடுத்தது, பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி எழுதி வாங்கியது என்று வந்த வழிதான் வேறு. கொடுத்தவர்கள் சொன்னது ஒன்றே: "லைஃப்டைம் ஃப்ரீ சார், ஒரு ரூபா கட்ட வேண்டாம்." ஓராண்டு கழித்து பில்லில் கட்டணம் ஏறும். எங்கள் கடைத்தெருவில் உரக்கடை வைத்திருப்பவருக்கும் அப்படித்தான் ஏறியது. வங்கியின் பெயர் இங்கே வேண்டாம். அவர் பணத்தை எப்படித் திரும்ப வாங்கினார் என்பதையே உதாரணமாக வைத்து இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன்.

1. முதலில் பில்லை வரி வரியாகப் படியுங்கள்.

மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள். ஆண்டுக் கட்டணம் பெரும்பாலும் இரண்டு வரியாக வரும். ஒன்று கட்டணம், மற்றொன்று அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உரக்கடைக்காரரின் 2025 ஏப்ரல் பில்லில் ரூ.499 ஒரு வரி, ரூ.89.82 அடுத்த வரி, ஆகமொத்தம் ரூ.588.82. சில பில்களில் ஆண்டுக் கட்டணம் போலத் தெரிவது உண்மையில் வேறொன்றாக இருக்கும். கார்டோடு ஒட்டி விற்ற இன்ஷூரன்ஸ், மெம்பர்ஷிப் திட்டம், மனைவி பெயரில் வாங்கிய கூடுதல் கார்டுக்கான கட்டணம், இ.எம்.ஐ. ஆக மாற்றியதற்கான கட்டணம் எல்லாம் இப்படி வரும். அவற்றுக்கு எழுத வேண்டிய கடிதம் வேறு. பில்லில் அந்த வரி எப்படி அச்சாகியிருக்கிறதோ அதே சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் அப்படியே எழுத வேண்டும்.

கார்டைப் பயன்படுத்தாமல் பீரோவில் வைத்திருப்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். கார்டு வாங்கிய மாதம் எதுவோ, அந்த மாதத்தையும் அடுத்த மாதத்தையும் ஒட்டி வரும் பில்லை ஆண்டுதோறும் திறந்து பாருங்கள்.

2. உங்களுக்குக் கிடைத்த வாக்கு எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

'இலவசம்' என்று வாயால் சொல்வது ஒன்று. தாளில் மூன்று வகை உண்டு. முதல் வகை நிஜமான வாழ்நாள் இலவசம்: சேரும் கட்டணமும் இல்லை, ஆண்டுக் கட்டணமும் இல்லை. இரண்டாவது, முதல் ஆண்டு மட்டும் இலவசம். மூன்றாவது, ஓராண்டில் இவ்வளவு ரூபாய்க்கு மேல் செலவு செய்தால் மட்டும் அடுத்த ஆண்டுக் கட்டணம் கிடையாது என்பது. மேஜை போட்டு விற்கும் பையனுக்கு மூன்றும் ஒன்றுதான். அவனுக்குக் கமிஷன் கார்டுக்கு இவ்வளவு என்று வருகிறது, நீங்கள் இரண்டாம் ஆண்டில் என்ன கட்டுவீர்கள் என்பதற்கு வருவதில்லை.

ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21 அன்று வெளியிட்ட கிரெடிட் கார்டு விதிகளின்படி, விண்ணப்பத்தோடு முக்கிய விவரங்கள் அடங்கிய ஒரு பக்கத் தாள் தரப்பட வேண்டும். வட்டியும் கட்டணங்களும் அதில் இருக்கும். அந்தத் தாளைத் தேடி எடுங்கள். ஈமெயிலில் வந்திருக்கும், அல்லது கார்டு வந்த உறைக்குள் இருக்கும். அதில் ஆண்டுக் கட்டணம் 'இல்லை' என்று இருந்தால் உங்கள் வழக்கு பாதி முடிந்தது. 'இரண்டாம் ஆண்டு முதல் ரூ.499' என்று இருந்தால் முடியாது என்று அர்த்தமில்லை, ஆனால் ஏஜென்ட் சொன்னதற்கு வேறு சாட்சி வேண்டும்.

3. சாட்சியைக் கடிதம் எழுதும் முன்பே சேர்த்துவிடுங்கள்.

மொபைலில் 'லைஃப்டைம்', 'ஃப்ரீ' என்ற சொற்களைப் போட்டு எஸ்.எம்.எஸ்., ஈமெயில், வாட்ஸ்அப் மூன்றிலும் தேடுங்கள். கார்டு அங்கீகரிக்கப்பட்ட அன்று வந்த எஸ்.எம்.எஸ். பெரும்பாலும் அழிக்கப்படாமல் கிடக்கும். உரக்கடைக்காரருக்கு அதுதான் கை கொடுத்தது. 2024 மார்ச் 20 அன்று வந்த செய்தியில் வாழ்நாள் இலவசக் கார்டு என்ற வாசகமே இருந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது அனுப்பியவர் பெயரும் தேதியும் தெரிய வேண்டும். நடுவில் உள்ள வாசகத்தை மட்டும் வெட்டி எடுத்தால் யாரும் ஏற்க மாட்டார்கள்.

எழுத்தில் ஒன்றுமே இல்லை, போனில்தான் சொன்னார்கள் என்றால், பேசிய தேதியும் தோராயமான நேரமும் உங்கள் போனின் அழைப்புப் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். அந்த உரையாடல் பதிவை அழிக்காமல் வைத்திருந்து எடுத்துப் பார்க்கும்படி கடிதத்தில் கேட்கலாம். 'அது ஏஜென்ட் சொன்னது, வங்கி சொன்னதல்ல' என்ற பதிலுக்கு அஞ்ச வேண்டாம். முகவருக்கு அதிகாரம் உண்டு என்று வெளியாள் நம்பும்படி முதலாளி நடந்துகொண்டால், முகவர் சொன்னதற்கும் முதலாளியே பொறுப்பு என்பது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது.

4. நடுவில் ஏதாவது அறிவிப்பு வந்ததா?

இதைப் பலரும் பார்ப்பதில்லை, பிறகு வங்கி அதையே எடுத்து நீட்டும். வட்டி தவிர்த்த கட்டணங்களை மாற்ற வேண்டுமானால், குறைந்தது ஒரு மாதம் முன்னதாக அறிவித்துவிட்டு, இனி வரும் காலத்துக்கு மட்டும் மாற்றலாம் என்று ரிசர்வ் வங்கி விதி சொல்கிறது. அப்படி முறையாக அறிவித்திருந்தால் உங்கள் பிடி தளர்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மாற்றம் பிடிக்காதவர் பாக்கியைக் கட்டிவிட்டு, கூடுதல் கட்டணம் ஏதுமின்றிக் கார்டை ஒப்படைக்கலாம் என்பதும் அதே விதியில் இருக்கிறது.

கார்டு வேறு ரகமாக 'அப்கிரேடு' ஆனபோதும், ஒரு வங்கியின் கார்டுகள் இன்னொரு வங்கிக்குப் போனபோதும் பழைய இலவசம் காணாமல் போவதுண்டு. 2023 மார்ச் 1 அன்று சிட்டி வங்கியின் இந்திய கிரெடிட் கார்டு வணிகம் ஆக்சிஸ் வங்கிக்குப் போனது போன்ற பெரிய மாற்றங்களில் லட்சக்கணக்கான கார்டுகள் புதிய வங்கியின் பட்டியலில் ஏறுகின்றன. அப்படி மாறியவர்கள், மாற்றத்தின்போது புதிய வங்கி அனுப்பிய கட்டண விவரத்தைத் தேடி எடுத்து இணைக்க வேண்டும். அப்கிரேடு ஆனவர்கள் ஒரே கேள்வி கேட்கலாம்: நான் சம்மதித்த பதிவு எங்கே?

5. கடைசி தேதிக்குள் பணத்தைக் கட்டிவிடுங்கள். எதிர்ப்பைத் தெரிவித்துக் கட்டுங்கள்.

இதில் என்னோடு சண்டை போடுபவர்கள் உண்டு. "கொடுக்க வேண்டாத பணத்தை ஏன் கொடுக்கணும்?" என்பார்கள். கணக்கைப் பாருங்கள். உரக்கடைக்காரர் அந்த மாதம் பெட்ரோலுக்கும் ரீசார்ஜுக்கும் ரூ.4,870 செலவு செய்திருந்தார். கட்டணத்தோடு சேர்த்து மொத்தம் ரூ.5,458.82. அவர் ரூ.4,870 மட்டும் கட்டியிருந்தால், பில் முழுதாகக் கட்டப்படவில்லை என்று ஆகி, வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகை போய்விடும். மாட்டுவது ரூ.588க்கு மட்டுமல்ல, வாங்கிய சாமான்களுக்கும் அடுத்த மாதம் வாங்கப்போவதற்கும் சேர்த்து வட்டி ஓடும். குறைந்தபட்சத் தொகையைக்கூடக் கட்டாமல் விட்டால் அதன் மேல் தாமதக் கட்டணம், அதற்கும் ஜி.எஸ்.டி. பிறகு சிபில் அறிக்கையில் ஒரு கறை.

கட்டணம் கட்ட மறுக்கும் தகராறு தீரும்வரை எந்த வட்டியும் ஏறக்கூடாது என்று சிலர் சொல்வார்கள். விதியில் அந்தப் பாதுகாப்பு மோசடி என்று புகார் செய்த பரிவர்த்தனைகளுக்குத்தான் இருக்கிறது. ஆண்டுக் கட்டணம் மோசடிப் பரிவர்த்தனை என்ற கணக்கில் வராது. எனவே முழுத்தொகையையும் கட்டிவிட்டு, அன்றே "என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், எதிர்ப்புடன் செலுத்துகிறேன்" என்று ஒரு வரி ஈமெயில் அனுப்பிவிடுங்கள். கட்டியதாலேயே கட்டணத்தை ஒப்புக்கொண்டீர்கள் என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

கார்டில் வேறு செலவே இல்லை, கட்டணம் மட்டும்தான் பாக்கி என்றால் கட்டாமல் நிறுத்தி வைப்பவர்களும் உண்டு. தகராறில் உள்ள கார்டுகளைப் பற்றிக் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிப்பதில் வங்கி கவனமாக இருக்க வேண்டும் என்று விதி சொல்வது உண்மைதான். ஆனால் சிபிலில் ஏறிவிட்ட ஒன்றை இறக்குவதற்கு அலையும் அலைச்சலை நினைத்தால், பயிர்க்கடனோ வீட்டுக்கடனோ கேட்கவிருப்பவர் அந்த ஆட்டத்துக்குப் போக வேண்டாம்.

6. போன் செய்வது புகார் எண் வாங்க மட்டும்.

கார்டின் பின்பக்கத்தில் உள்ள எண்ணுக்கே பேசுங்கள். இணையத்தில் 'கஸ்டமர் கேர்' என்று தேடிக் கிடைக்கும் எண்களில் மோசடிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். ஆண்டுக் கட்டணத்தைத் திருப்பித் தர ஓ.டி.பி. கேட்டால் உடனே போனை வைத்துவிடுங்கள்.

பேசும் பெண் இனிமையாக ஒரு வழி சொல்வார்: "சார், இரண்டு மாசத்துக்குள்ள பதினைஞ்சாயிரம் ஸ்பென்ட் பண்ணிடுங்க, ஃபீ ரிவர்ஸ் ஆயிடும்." அல்லது, "உங்க ரிவார்டு பாயின்ட்ல கழிச்சுக்கலாமா?" இரண்டுக்கும் சரி என்று சொல்லாதீர்கள். சரி என்ற அந்த நொடியே, உங்கள் கார்டு கட்டணமுள்ள கார்டு, செலவு செய்தால் மட்டும் விலக்கு என்பதை ஏற்றதாகிவிடும். "என் கார்டு வாழ்நாள் இலவசம் என்று கொடுக்கப்பட்டது. புகாராகப் பதிவு செய்து எண் கொடுங்கள்" என்பதோடு நிறுத்துங்கள்.

7. தள்ளுபடி கேட்காதீர்கள்.

இந்தக் குறிப்புகளில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். நம் ஊர் வழக்கத்தில் கடிதம் என்றாலே "தயவுகூர்ந்து கட்டணத்தைத் தள்ளுபடி செய்து உதவுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று கை தானாக எழுதும். தள்ளுபடி என்பது கட்ட வேண்டியதை மன்னிப்பது. கேட்டால் வங்கி பெரிய மனதோடு இந்த ஆண்டு தள்ளும், அடுத்த ஏப்ரலில் மறுபடி போடும், அப்போது "சென்ற ஆண்டே ஒரு முறை சலுகை கொடுத்துவிட்டோம்" என்று பதில் வரும்.

கட்டணம் அதிகம் என்றும் எழுத வேண்டாம். எவ்வளவு கட்டணம் என்பது வங்கியின் வணிக முடிவு. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், ஆம்பட்ஸ்மேன் என்கிறோமே, அவர் வணிக முடிவுகளைப் பற்றிய புகாரை எடுத்துக்கொள்ள மாட்டார். கிரெடிட் கார்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. 'எவ்வளவு' என்று கேட்டு வெல்வது அவ்வளவு கடினம். 'நீங்கள் சொன்னது என்ன, செய்தது என்ன' என்று கேட்பது சேவைக் குறைபாட்டுப் புகார். அதற்கு வங்கி பதில் சொல்லியே ஆக வேண்டும். இலவசமாகத் தரும் கார்டில் மறைமுகக் கட்டணம் எதுவும் இருக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி விதியில் நேராகவே எழுதியிருக்கிறது.

8. கடிதம் இப்படி இருக்கட்டும்.

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கார்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் போதும். முழு எண், சி.வி.வி., பின் நம்பர் எதையும் எழுதக்கூடாது. தமிழிலேயே எழுதலாம், பில்லில் உள்ள சொற்களை மட்டும் பில்லில் உள்ளபடியே எழுதுங்கள். உரக்கடைக்காரர் அனுப்பியதன் வாசகம், பெயர் விவரங்கள் நீக்கி:

அனுப்புநர்: (பெயர், முகவரி, பதிவு செய்த மொபைல் எண்)
பெறுநர்: நோடல் அதிகாரி, கிரெடிட் கார்டு பிரிவு, (வங்கி, முகவரி)
நாள்: 15.04.2025

பொருள்: வாழ்நாள் இலவசம் என்று வழங்கிய கார்டில் (கடைசி நான்கு இலக்கம் ....) ஆண்டுக் கட்டணம் விதித்தது — தவறான பில் குறித்த புகார். தொலைபேசிப் புகார் எண்: ....

ஐயா,

மேற்கண்ட கார்டு 20.03.2024 அன்று எனக்கு வழங்கப்பட்டது. அன்று உங்கள் வங்கி அனுப்பிய எஸ்.எம்.எஸ். செய்தியில் இது வாழ்நாள் இலவசக் கார்டு என்று உள்ளது. அதன் நகல் இணைப்பு 1. அந்த வாக்கை நம்பியே கார்டைப் பெற்றேன்.

12.04.2025 தேதியிட்ட பில்லில் ஆண்டுக் கட்டணம் ரூ.499, ஜி.எஸ்.டி. ரூ.89.82, மொத்தம் ரூ.588.82 விதிக்கப்பட்டுள்ளது. நகல் இணைப்பு 2. இதற்கு நான் சம்மதம் தரவில்லை. கட்டண மாற்றம் பற்றி முன்னறிவிப்பும் எனக்கு வரவில்லை.

இது சலுகை கோரும் கடிதம் அல்ல. தவறான பில்லைத் திருத்தக் கோரும் புகார். நான் கேட்பவை:

அ) ரூ.588.82 முழுவதையும், ஜி.எஸ்.டி. உட்பட, இதனால் ஏதேனும் வட்டியோ தாமதக் கட்டணமோ விதிக்கப்பட்டால் அதையும் என் கார்டுக் கணக்கில் வரவு வைக்க வேண்டும்.

ஆ) உங்கள் கணினிப் பதிவில் இந்தக் கார்டை ஆண்டுக் கட்டணம் இல்லாத கார்டு என்று திருத்தி, வரும் ஆண்டுகளில் கட்டணம் வராது என்று எழுத்தில் உறுதி தர வேண்டும்.

இ) கட்டணம் சரியே என்று கருதினால், ஆண்டுக் கட்டணத்துக்கு நான் சம்மதித்த விண்ணப்பப் படிவத்தின் நகலையும், முக்கிய விவரத் தாளையும், முன்னறிவிப்பு அனுப்பியதற்கான ஆதாரத்தையும் தர வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு கிரெடிட் கார்டு விதிகளின்படி, பில்லை ஆட்சேபித்த 30 நாட்களுக்குள் விளக்கமும் ஆவணமும் தரப்பட வேண்டும்.

பில் தொகையைக் கடைசி தேதிக்குள், என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், எதிர்ப்புடன் செலுத்துகிறேன். 30 நாட்களுக்குள் தீர்வு இல்லையெனில் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்வேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

மூன்று கோரிக்கைகளில் 'ஆ' தான் முக்கியம். அதை விட்டுவிட்டால் அடுத்த ஆண்டு இதே கடிதத்தைத் தேதி மாற்றி எழுத வேண்டியிருக்கும். 'இ' வங்கியைத் தேட வைக்கும். டேப்லெட்டில் பையன் நிரப்பிய விண்ணப்பத்தில் உங்கள் சம்மதம் எங்கே என்று காட்டும் வேலை அவர்களுடையதாகிறது.

2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி தன் பழைய விதிகளையெல்லாம் தொகுத்து மறுபடி வெளியிட்டது. அதனால் இப்போது எழுதுபவர்கள் ஆண்டையும் பத்தி எண்ணையும் போட்டுச் சிக்கிக்கொள்ளாமல், 'ரிசர்வ் வங்கியின் கிரெடிட் கார்டு வழங்கல், நடத்தை விதிகள்' என்று மட்டும் எழுதினால் போதும்.

9. எங்கே அனுப்புவது?

சிதம்பரம் கிளைக்குக் கொண்டுபோனால், "கார்டு எல்லாம் சென்னைங்க, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்பார்கள். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. எஸ்.பி.ஐ. கார்டு போல, கார்டு தருவது வங்கியல்லாத தனி நிறுவனமாகவே இருக்கலாம். பில்லின் அடியில் நிறுவனத்தின் முழுப்பெயரும் புகார் முகவரியும் இருக்கும். அந்தப் பெயருக்குத்தான் கடிதம் போக வேண்டும். பெயர் தவறினால் பிறகு குறைதீர்ப்பாளரிடமும் தவறான நிறுவனத்தின் மேல் புகார் போய் நிற்கும்.

ஈமெயிலில் அனுப்புவதே வேகம், தேதியும் தானாகப் பதிவாகும். அதோடு தபாலிலும் ஒன்று போட்டு வைப்பது நல்லது. பதிவுத் தபால் 2025இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. போஸ்ட் ஆபீசில் ஸ்பீடு போஸ்ட் என்று கேட்டு, கடிதம் சேர்ந்ததற்கான சான்றும் வேண்டும் என்று சொல்லுங்கள். ரசீதைக் கடித நகலின் பின்னால் ஒட்டி வையுங்கள்.

10. பதிலை எழுத்தெண்ணிப் படியுங்கள்.

உரக்கடைக்காரருக்கு இரண்டாவது வாரமே பதில் வந்துவிட்டது. "நல்லெண்ண அடிப்படையில், ஒரு முறை மட்டும், கட்டணம் ரூ.499 திருப்பித் தரப்படுகிறது." மனுஷருக்குச் சந்தோஷம். பில்லைப் பார்த்தால் ரூ.499 மட்டும் வரவு, ரூ.89.82 இல்லை. கார்டின் பதிவு மாறியதா என்பதற்குப் பதிலே இல்லை. கட்டணமே தவறு என்றால் அதன் மேல் போட்ட வரியும் தவறுதான். "ஒரு முறைச் சலுகையாக இதை ஏற்கவில்லை. கோரிக்கை அ-வில் ரூ.89.82ம், கோரிக்கை ஆ முழுவதும் நிலுவையில் உள்ளன" என்று அதே ஈமெயிலின் கீழே இரண்டு வரி பதில் போட்டார். தனிக் கடிதமாக எழுதினால் புதிய புகார் எண் விழுந்து, 30 நாள் கணக்கை வங்கி புதிதாகத் தொடங்கப் பார்க்கும். அடுத்த பதிலில் வரியும் வந்தது, கார்டு ஆண்டுக் கட்டணம் இல்லாத வகையாகப் பதியப்பட்டது என்ற வாசகமும் வந்தது. அந்த ஈமெயிலை அச்செடுத்துக் கடை லைசென்ஸோடு வைத்திருக்கிறார்.

வங்கி முழுதாகவோ பகுதியாகவோ மறுக்கப்போகும் புகார்கள், இறுதிப் பதிலுக்கு முன் வங்கிக்குள்ளேயே இருக்கும் உள் குறைதீர்ப்பாளரின் பார்வைக்குப் போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி ஏற்பாடு. மறுப்புக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையென்றால், அவர் பார்த்தாரா என்று கேட்டு எழுதுங்கள்.

11. முப்பது நாள் ஆகியும் தீரவில்லையென்றால் ரிசர்வ் வங்கி.

2021 நவம்பர் 12 அன்று ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம் வந்த பிறகு, எந்த ஊர் எந்தக் குறைதீர்ப்பாளர் என்று தேட வேண்டிய வேலை இல்லை. cms.rbi.org.in தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. இணையம் கைவராதவர்கள் சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கியின் மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். சந்தேகம் கேட்க 14448.

புகார் தள்ளுபடியாவது பெரும்பாலும் மூன்று காரணத்தால்தான்: வங்கிக்கு முதலில் எழுதாமல் நேராகப் போவது, 30 நாள் ஆகும் முன்பே போவது, 'கட்டணம் அதிகம்' என்று எழுதுவது. வங்கிக்குப் புகார் கொடுத்த தேதி, பதில் வந்த தேதி, கடிதம், பில், வாக்குக்கான ஆதாரம் இவற்றை இணைத்து, எட்டாவது குறிப்பில் உள்ள கடிதத்தின் நடுப்பகுதியையே சுருக்கி எழுதுங்கள். வங்கியின் பதில் வந்த பிறகு, திட்டத்தில் சொன்ன காலக்கெடுவுக்குள் போக வேண்டும். மன உளைச்சலுக்கு இழப்பீடு தரலாம் என்று திட்டத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு ரூ.588க்கு ஒரு லட்சம் கேட்காதீர்கள். புகாரைப் படிப்பவர் சிரித்துவிட்டால் நமக்குத்தான் நஷ்டம்.

12. கடலூர் நுகர்வோர் ஆணையம் கடைசி வழி.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வங்கி மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நமக்குக் கடலூர். ரூ.5 லட்சம் வரையுள்ள விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஒரே விவகாரத்தை ஒரே நேரத்தில் ஆணையத்திலும் குறைதீர்ப்பாளரிடமும் நடத்த முடியாது. ஒரு ஆண்டுக் கட்டணத்துக்காக வடலூர் வழியே கடலூருக்குப் பஸ் ஏறி வாய்தாவுக்கு அலைவது கட்டுப்படியாகாது என்பது என் கருத்து. ஆண்டுக்கணக்கில் கட்டணம் பிடித்து, தாமதக் கட்டணமும் சேர்ந்து, வசூல் ஆள் வீட்டுக்கு வந்தான் என்கிற அளவுக்குப் போயிருந்தால் கட்டாயம் போங்கள். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு முறை பேசிப் பாருங்கள்.

13. கோபத்தில் முதலிலேயே கார்டை மூடாதீர்கள்.

மூடக் கேட்டால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், பாக்கி இல்லாதபோது தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ.500 வீதம் உங்களுக்குத் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் 'பாக்கி இல்லாதபோது' என்பதுதான் நிபந்தனை. தகராறில் உள்ள கட்டணத்தைக் கட்டாமல் வைத்திருந்தால், அது பாக்கியாகவே நிற்கும்வரை மூடுவதற்கான நாள் கணக்கே ஓடாது. பணம் திரும்ப வந்து, பில்லில் பூஜ்யம் என்று ஆன பிறகு மூடச் சொல்லுங்கள். மூடியதற்கான எழுத்து உறுதியைக் கேட்டு வாங்கி, கார்டைச் சிப்போடு சேர்த்து வெட்டிப் போடுங்கள்.

இப்போது புதிதாக யாராவது மேஜை போட்டுக் கூப்பிட்டால், கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு பக்கத் தாளைக் கேளுங்கள். "அது மெயிலில் வரும்" என்றால், வந்த பிறகு ஓ.டி.பி. சொல்வதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுங்கள்.